திருக்கரத்தின் பச்சை

ஆனி மாதக் கும்பாபிஷேகத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாட்களே இருந்தன. திருவாரூருக்குச் சற்றுத் தொலைவில், வயல்களுக்கு நடுவே அமைந்த அந்தச் சிவாலயத்தில் கோபுரத்துச் சுதை வேலைகள் முடிந்து சாரம் பிரிக்கப்பட்டுவிட்டது. யாகசாலைக்குப் பந்தக்கால் நடும் நாளும் குறிக்கப்பட்டாயிற்று. அம்பாள் சந்நிதிக்கு முன்னுள்ள மண்டபத்தின் தெற்குச் சுவர் மட்டும் எஞ்சியிருந்தது.

அந்தச் சுவரில் திருக்கல்யாணக் காட்சி தீட்டப்பட்டிருந்தது. திருமால் தாரை வார்க்க, அம்பாளின் வலக்கரம் சுவாமியின் கரத்தை நோக்கி நீண்டிருந்தது. நாயக்கர் காலத்து ஓவியம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஐப்பசி மழையில் மேல்தளம் கசிந்து, சுவரின் நடுவே காரை பெயர்ந்து விழுந்திருந்தது. பெயர்ந்த இடம் ஒன்றரைச் சாண்தான். ஆனால் அது அம்பாளின் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட பகுதி. திருமேனி ஒரு பக்கமும் விரல்கள் ஒரு பக்கமுமாக நிற்க, கல்யாணம் பாதியில் நின்றது போலிருந்தது.

சுவரைச் சீர்செய்ய வந்திருந்த ஓவியருக்கு எழுபத்தாறு வயது. தந்தையிடம் தொழில் கற்றவர். இளமையில் திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் உள்ள முசுகுந்தச் சக்கரவர்த்தி கதை ஓவியங்களை, தரையில் மல்லாந்து படுத்தபடி நாள் கணக்கில் பார்த்துப் பழகியவர். துணைக்குப் பேரன் வந்திருந்தான். அவன் கவின்கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன்.

கும்பாபிஷேகத்தின் பெரும்பகுதிச் செலவை ஏற்றிருந்த உபயதாரருக்கு இந்த வேலையில் நம்பிக்கை இல்லை.

"பெரியவரே, தப்பாக நினைக்க வேண்டாம். சுவர் முழுவதுமே மங்கிக் கிடக்கிறது. அதில் ஒரு முழங்கையை மட்டும் ஒட்டவைத்து என்ன பயன்? நல்ல எனாமல் பெயிண்ட் வாங்கித் தருகிறேன். சுவர் முழுவதையும் புதிதாக எழுதிவிடுங்கள். அம்பாள் பளிச்சென்று இருக்கட்டும்" என்றார்.

ஓவியர் அவரை வெளிப்பிராகாரத்துக்கு அழைத்துச் சென்றார். முந்தைய திருப்பணியின்போது அங்கே ஒரு சுண்ணாம்புச் சுவருக்கு எனாமல் பூசியிருந்தார்கள். இப்போது அது கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. ஒரு கொப்புளத்தை அவர் விரலால் தொட்டார். பெயிண்ட் ஏடு போல உரிந்து வந்தது. அதன் பின்புறம் காரையின் ஒரு பருக்கையும் ஒட்டிக்கொண்டு வந்தது.

"சுண்ணாம்புச் சுவர் மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கும், வெயிலில் அதை வெளியே விடும். எனாமல் அந்த வாசலை அடைத்துவிடுகிறது அய்யா. உள்ளே தங்கிய ஈரம் வெளியே வர வழி தேடும்போது காரையையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வருகிறது. இதே பூச்சை அம்பாள் மேல் பூசினால் நாலைந்து மழைக்காலத்தில் ஓவியமே பெயர்ந்துவிடும்."

உபயதாரர் பதில் சொல்லவில்லை. உடன் வந்த செயல் அலுவலர்தான் ஒரு முடிவு சொன்னார்: "பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள் அய்யா. அந்தக் கரத்தை மட்டும் முடித்துக் காட்டுங்கள். பொருந்தி வந்தால் சுவர் அப்படியே இருக்கட்டும். வராவிட்டால் அவர் சொல்வதைத்தான் நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

பெயர்ந்த இடத்தில் சித்திரை மாதத்திலேயே புதுக் காரை பூசியாகிவிட்டது. நீற்றி, சலித்து, நீரில் ஊறவைத்த சுண்ணாம்போடு நுண்மணலும் கடுக்காய் ஊறிய நீரும் சிறிது வெல்லமும் சேர்த்து அரைத்த காரை. இரண்டு மாத வெயிலில் அது நன்றாக உலர்ந்து இறுகியிருந்தது. இனி வேண்டியது நிறம் ஒன்றுதான்.

பேரன் அன்று மாலையே கலக்கத் தொடங்கிவிடலாம் என்று நினைத்தான். தாத்தா அனுமதிக்கவில்லை.

"எந்தப் பச்சையைக் கலக்கப் போகிறாய்?"

"சுவரில் இருக்கிற பச்சையைத்தான் தாத்தா."

"சுவரில் இருப்பது பச்சை என்று உனக்கு யார் சொன்னது?"

பேரன் உற்றுப் பார்த்தான். அம்பாளின் தோள் சாம்பல் பூத்த பச்சையாக இருந்தது. முகத்தருகே விளக்குப் புகை படிந்து கறுத்திருந்தது. இடுப்புக்குக் கீழே ஏறக்குறைய வெண்மையாகவே இருந்தது. ஒரே திருமேனியில் மூன்று நிறங்கள்.

ஓவியர் சிறிது பஞ்சை நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, புடவைக் கரையின் ஓரத்தில் அரை அங்குல இடத்தில் ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை. பஞ்சில் பச்சை ஒட்டவில்லை என்பதை முதலில் பார்த்துக்கொண்டார். பிறகு சுவரைக் காட்டினார். ஒற்றிய இடம் ஆழ்ந்த பச்சையாக மின்னியது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் உலர்ந்தது. பச்சை மெல்ல மெல்லச் சாம்பலுக்குள் மறைந்தது.

"நிறம் போகவில்லை. அதன் மேல் உப்புப் பூத்திருக்கிறது. கசிந்த நீர் காரையில் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து மேற்பரப்பில் விட்டுவிட்டுப் போய்விட்டது. அந்த வெள்ளைத் தூள்தான் நம் கண்ணை மறைக்கிறது. நனைந்தால் தூள் கண்ணாடி போலாகிவிடும், நிறம் தெரியும். உலர்ந்தால் மறுபடியும் திரை விழும். இந்தத் திரையைப் பார்த்து நாம் நிறம் கலந்தால், அம்பாளுக்கு உப்பின் நிறத்தைத்தான் பூசியிருப்போம்."

மூன்று நாட்கள் சுத்தம் செய்வதிலேயே சென்றன. முதலில் உலர்ந்த மென்தூரிகையால் உப்புத்தூளை மேலிருந்து கீழாகத் தட்டி, கீழே பிடித்த காகிதத்தில் சேர்த்தார்கள். நீர் கொண்டு கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும் என்பதால், பெரும்பகுதி வேலை உலர்ந்த தூரிகையால்தான் நடந்தது. நான்காம் நாள், அம்பாளின் தோள் தன் பச்சையைக் காட்டியது. புத்தம் புதிய பச்சை அல்ல. வயதான பச்சை. ஆனால் ஒரே பச்சை.

இடையில் இன்னொரு சான்றும் கிடைத்தது. அம்பாளின் முந்தானை அருகே ஆணியடித்து மாட்டியிருந்த பழைய மரச் சுவிட்சுப் பலகையை மின்பணியாளர் கழற்றியபோது, அதன் பின்னே உள்ளங்கை அளவில் ஒரு பச்சை தெரிந்தது. பல ஆண்டுகளாகப் புகையும் வெளிச்சமும் உப்பும் தொடாத பச்சை. மாந்தளிர் முற்றி இலையாகும் பருவத்து நிறம்.

"இதுதான் அசல்! இதையே கலந்துவிடலாம் தாத்தா" என்றான் பேரன்.

"இது அசல்தான். ஆனால் இந்தப் பச்சையை முழங்கையில் வைத்தால், தோளுக்கு எண்பது வயதும் கைக்கு எட்டு வயதுமாகத் தெரியும். நமக்கு வேண்டியது, சுத்தம் செய்த பின் தோள் இன்று காட்டும் நிறம். இந்தப் பலகைக்குப் பின்னால் இருப்பது வேறொன்றைச் சொல்கிறது. அன்றைய ஓவியர் எந்தக் கல்லை அரைத்தார் என்று."

அது மரகதமும் அல்ல, துத்தமும் அல்ல. பச்சை மண்கல். மண்ணைப் போல் மென்மையான கல். இரும்புச்சத்து கலந்தது. சுண்ணாம்பு அதைத் தின்னாது. வெயிலும் அதை வெளுக்காது. தந்தையின் காலத்திலிருந்து துணியில் முடிந்துவைத்திருந்த அந்தக் கல்லில் ஒரு துண்டை ஓவியர் எடுத்தார். கருங்கல் பலகையில் நீர் விட்டு மாவாக அரைத்தார். அரைத்ததை ஒரு சட்டியில் நீரோடு கலக்கி, பத்து எண்ணும் நேரம் காத்திருந்தார். கரடுமுரடான துகள்கள் அடியில் தங்கின. மேலே கலங்கிநின்ற நீரை மட்டும் இன்னொரு சட்டிக்கு இறுத்தார். இப்படி மூன்று முறை. கடைசிச் சட்டியில் இரவெல்லாம் படிந்தது, விரலுக்கிடையில் தேய்த்தால் பருக்கையே தெரியாத வண்டல். வெயிலில் காயவைத்ததும் அதுவே பச்சைப் பொடி.

அளவுக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு பழைய உத்தரணி. எட்டு உத்தரணி பச்சை, ஒரு உத்தரணி மஞ்சள் காவி. இதுதான் அடிக்கலவை. இதை ஏழு பங்காகச் செய்து, முதல் பங்கில் வெள்ளை எதுவும் சேர்க்காமல், அடுத்தடுத்த பங்குகளில் அரை உத்தரணி வீதம் சுண்ணாம்பு வெள்ளையைக் கூட்டிக்கொண்டே போனார். முந்தின இரவே ஊறவைத்து வடிகட்டியிருந்த வேலம்பிசின் நீரை ஒவ்வொன்றிலும் ஒரே அளவில் விட்டார். அதே காரை பூசி உலர்த்தியிருந்த ஏழு ஓட்டுத் துண்டுகளில் ஏழு நிறங்களையும் தீட்டினார்.

மாலையில் பேரன் ஆறாவது துண்டைச் சுவரருகே பிடித்துப் பார்த்துத் துள்ளினான். "அப்படியே பொருந்துகிறது!"

"ஈரத்தில் பொருந்துகிறது. காலையில் பார்."

காலையில் அந்த ஆறாவது துண்டு இரண்டு படி வெளிறிப்போயிருந்தது. மற்றவையும் அவ்வாறே. சட்டியில் உள்ள நிறம் ஒன்று, உலர்ந்த பின் நிற்கும் நிறம் இன்னொன்று. ஆகவே சட்டியைப் பார்த்து நிறம் கலப்பதில்லை என்பது அவர் தந்தை சொன்ன முதல் விதி.

ஆனால் அன்று காலை ஓவியரை வருத்தியது வேறொன்று. ஏழு துண்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் அவருக்கு ஒன்று போலவே தெரிந்தன. கண்ணைக் கசக்கிவிட்டு மீண்டும் பார்த்தார். மாற்றமில்லை. பேரன் அறியாதபடி தூண் மறைவுக்குப் போய், வலக்கண்ணைக் கையால் மூடினார். மூன்றும் ஒன்றுதான். இடக்கண்ணை மூடிப் பார்த்தார். மூன்றும் தனித்தனியே பிரிந்து நின்றன. நெற்றி விபூதி கூட அந்தக் கண்ணுக்குப் பால்போல் வெளுத்துத் தெரிந்தது. இடக்கண்ணுக்கு அது சந்தனம் கலந்தது போலிருந்தது.

வலக்கண்ணில் கண்புரை எடுத்து ஓராண்டு ஆகியிருந்தது. இடக்கண்ணுக்கும் செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கும்பாபிஷேகம் முடியட்டும் என்று இவர்தான் தள்ளிப் போட்டிருந்தார். புரை விழுந்த கண் மங்கலாகப் பார்க்கும் என்பது அவருக்குத் தெரியும். அது எல்லாவற்றையும் மெல்லிய தேநீர் வழியாகப் பார்ப்பது போல் மஞ்சளாக்கிவிடும் என்பதையும், அதில் மஞ்சளும் வெள்ளையும் தங்களுக்குள்ள வேறுபாட்டை இழந்துவிடும் என்பதையும் அன்றுதான் தன் கண்ணாலேயே உணர்ந்தார். அந்தக் கண்ணுக்கு எதைக் காட்டினாலும், சரிதான் என்று சொல்லிவிடும்.

கையிலிருந்த பத்து நாளில் ஐந்து கழிந்துவிட்டது. ஐம்பது ஆண்டுகளாகக் கண்ணை நம்பியே செய்த தொழில். தூணுக்குப் பின்னால் அவர் நின்ற சில கணங்களில், பெட்டியை மூடிக்கொண்டு போய்விடலாமா என்ற எண்ணமும் வராமலில்லை. சந்நிதியில் காலசந்திக்கு மணி அடித்தது. அவர் திரும்பி வந்து பேரன் அருகே அமர்ந்தார்.

"தம்பி, எனக்கு இடக்கண்ணில் நிறம் தெரியவில்லை. இனி அந்தக் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்கப் போகிறேன். நீ இரண்டு கண்ணாலும் பார். இருவரும் ஒரே துண்டைச் சொன்னால்தான் தூரிகையை எடுப்பது."

ஒரு தடித்த அட்டையில் சிறு துளைகள் இரண்டை அருகருகே இட்டார். ஒரு துளை சுவரின் மேலும் மற்றது ஓட்டுத் துண்டின் மேலும் படியும்படி பிடித்தார். அம்பாளின் நகையும் புடவையும் மறைந்து, இரண்டு பச்சைப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. சுற்றியுள்ள சிவப்பு இருந்தால் பச்சை உள்ளதைவிட எடுப்பாகத் தோன்றும். துளை வழியே பார்க்கும்போது அந்த மயக்கம் இல்லை. பேரன் நான்காவது என்றான். பெரியவரும் வலக்கண்ணால் பார்த்துவிட்டு நான்காவதையே சொன்னார்.

"ஆனால் சுவர் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கிறது தாத்தா. நம்முடையதில் மஞ்சள் தூக்கலாக இருக்கிறது."

பெரியவர் முகம் மலர்ந்தது. அவர் மனத்தில் இருந்ததும் அதுதான். பேரன் உடனே பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தான். கடையில் வாங்கிய நீலச் சாயப்பொடி. "இதில் துளி சேர்த்தால் போதும்" என்றான். தாத்தா தடுக்கவில்லை. "ஒரு துண்டில் நீ உன் வழியில் செய். இன்னொன்றில் நான் என் வழியில் செய்கிறேன்" என்றார்.

அவர் எடுத்தது விளக்குக் கரி. நல்லெண்ணெய் விளக்கின் மேல் மண்சட்டியைக் கவிழ்த்துச் சேர்த்த கரியில் ஓர் அரிசி முனை அளவு. கரியால் நிறம் சற்றே கனக்கும் என்பதால் வெள்ளையில் இன்னும் அரை உத்தரணி. கறுப்பும் வெள்ளையும் கலந்தால் சாம்பல் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எண்ணெய்க் கரி வெள்ளையோடு சேரும்போது அந்தச் சாம்பலில் ஒரு நீலச்சாயல் இருக்கும். அன்றைய ஓவியர்கள் விலையுயர்ந்த நீலத்தைத் தேடாமலேயே குளிர்ச்சியை வரவழைத்த வழிகளில் இதுவும் ஒன்று.

இரவு, மண்டபத்துக் குழல்விளக்கின் கீழ் இரண்டு துண்டுகளும் சுவரோடு பொருந்தின. எது யாருடையது என்று பேரனுக்கே தெரியவில்லை. மறுநாள் காலை, கிழக்கு வாசல் வழியே வெயில் உள்ளே வந்ததும் அவனுடைய துண்டு நீலம் பாரித்து நின்றது. தாத்தாவின் துண்டு அப்போதும் சுவரோடு சேர்ந்தே இருந்தது. மாலையில் ஐந்துமுக விளக்கின் ஒளியிலும் அது பிரியவில்லை.

"உன் கை தவறவில்லை" என்றார் பெரியவர். "இரண்டு பொருள் ஒரு வெளிச்சத்தில் ஒன்று போலத் தெரியலாம், வெளிச்சம் மாறினால் பிரிந்துவிடும். ஒரே கல், ஒரே கரி, ஒரே சுண்ணாம்பு என்றால் எந்த வெளிச்சத்திலும் சேர்ந்தே மாறும். அம்பாளை விடியற்காலையிலும் சேவிப்பார்கள், அர்த்தஜாமத்திலும் சேவிப்பார்கள் அல்லவா?"

பிசின் அளவையும் அவர் சோதித்தார். உலர்ந்த துண்டை வெள்ளைத் துணியால் மெல்லத் துடைத்தார். துணியில் பச்சை ஒட்டினால் பிசின் குறைவு. சாய்த்துப் பார்க்கும்போது பளபளத்தால் பிசின் மிகுதி. அது பின்னாளில் செதிலாக உரியும். துணியும் வெளுப்பாக இருந்தது, துண்டும் பளபளக்கவில்லை.

எட்டாம் நாள் காலை தூரிகையை எடுத்தார். முழங்கையின் கோடு மேலே எஞ்சியிருந்தது. விரல்கள் கீழே எஞ்சியிருந்தன. இரண்டையும் இணைக்க ஒரு வளைவுதான் வேண்டியிருந்தது. பழைய வண்ணத்தின் மேல் ஒரு மயிர்க்கனம் கூட ஏறாமல், புதுக் காரைக்குள் மட்டும் நிறத்தை வைத்தார். அதையும் மொத்தமாகப் பூசவில்லை. அணில்வால் மயிர்த் தூரிகையால், மேலிருந்து கீழாக, நெல் இலையின் நரம்புகள் போல நெருக்கமான மெல்லிய கோடுகளாக இட்டார். இரண்டு நாள் ஆயிற்று.

பத்தாம் நாள் உபயதாரர் தம் வயதான தாயாரையும் அழைத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் வழக்கமாக நின்று சேவிக்கும் கல்லில் நின்று, சுவரைப் பார்த்துக் கைகூப்பினார். உபயதாரர் நெடுநேரம் பார்த்தார்.

"பெயர்ந்த இடம் எது?"

செயல் அலுவலர் சுட்டிக்காட்ட முயன்று, விரல் தடுமாறி நின்றார். பெரியவர் உபயதாரரைச் சுவருக்கு ஒரு முழ அருகே அழைத்துச் சென்றார். அங்கே கோடுகள் தெரிந்தன.

"தூரத்தில் தெரியவில்லை, கிட்டே தெரிகிறதே. ஏன் இப்படி?"

"சேவிப்பவர்களுக்குத் திருக்கரம் முழுமையாகத் தெரிய வேண்டும். நாளை இதைச் சீர்செய்ய வருபவனுக்கு, எது அந்தக் காலத்துக் கை, எது என் கை என்று தெரிய வேண்டும். என் வேலையில் குறை இருந்தால் ஈரப்பஞ்சால் ஒற்றி எடுத்துவிடலாம். அசலுக்கு ஒன்றும் ஆகாது."

"சரி, அந்த மூலையில் தோழி ஒருத்திக்கு முகமே இல்லையே. அதையும் எழுதிவிடலாமே?"

"கரத்துக்கு மேலும் கீழும் சாட்சி இருந்தது அய்யா. அந்த முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. எழுதினால் அது என் கற்பனை. காரையைச் சுவரின் நிறத்துக்கு அடக்கிவைத்திருக்கிறேன், கண்ணை உறுத்தாது."

உபயதாரர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு செயல் அலுவலரிடம், பெயிண்டுக்கென்று ஒதுக்கிய தொகையை என்ன செய்யலாம் என்று கேட்டார். பதில் சொன்னவர் ஓவியர்தான். "மண்டபத்தின் மேல்தளத்தில் தட்டோடு பெயர்ந்திருக்கிறது. மழைநீர்த் தூம்பு அடைத்துக் கிடக்கிறது. ஐப்பசிக்குள் அதைச் சரிசெய்யாவிட்டால், நான் வைத்த நிறமும் இருக்காது, அந்தக் காலத்தார் வைத்த நிறமும் இருக்காது."

மறுநாளே தளத்தில் ஆட்கள் ஏறினார்கள்.

அன்று பிற்பகல் பெரியவர் பேரனின் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார்: பச்சை மண்கல் எட்டு உத்தரணி, மஞ்சள் காவி ஒன்று, சுண்ணாம்பு வெள்ளை இரண்டு, விளக்குக் கரி அரிசி முனை. எழுதி முடித்ததும், மீதமிருந்த பச்சைக்கல்லைத் துணியில் முடிந்து அவன் கையில் கொடுத்தார்.

"இனி இது உன்னிடம் இருக்கட்டும். மண்டலாபிஷேகம் முடிந்த மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நீயும் கூட வா."